பரேட்டோ சார்ட்டில் கோடு ஏன் தரையோடு கிடக்கிறது?

கேள்வி: ஆன்லைனில் புடவை விற்கிறோம். போன மாதப் புகார்களைக் காரணவாரியாக எண்ணி வைத்திருக்கிறேன். பெரிய காரணம் முதலில் நிற்க, மேலே ஒரு சதவீதக் கோடு ஏறும் பரேட்டோ சார்ட் வேண்டும். எக்ஸெல்லில் போட்டால் பார்கள் நான் டைப் செய்த வரிசையிலேயே வருகின்றன. மேலே ஏற வேண்டிய சதவீதக் கோடு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எங்கே தப்பு?

பதில்: கோட்டில் தப்பில்லை, அளவுகோலில்தான். உதாரணமாக, பார்கள் 78, 52 என்று போகும்போது 39% என்பது எக்ஸெல்லுக்கு வெறும் 0.39, அதை அதே அச்சில் வரைந்தால் தரையில்தான் கிடக்கும். கோட்டுக்கு வலது பக்கம் தனி அச்சு வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அட்டவணையைச் சரி பண்ணிவிடலாம்.

உங்கள் எண்கள் என்னிடம் இல்லாததால் நானே ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறேன். A பத்தியில் காரணம், B-யில் எண்ணிக்கை: டெலிவரி தாமதம் 78, படத்தில் பார்த்த நிறம் இல்லை 52, ரீஃபண்ட் வரவில்லை 26, வேறு புடவை வந்தது 16, பிளவுஸ் துணி இல்லை 10, நெசவில் குறை 6, மற்றவை 12. மொத்தம் 200. முதல் வரி தலைப்பு என்பதால் எண்கள் B2 முதல் B8 வரை இருக்கும்.

எக்ஸெல் பாரைத் தானாக வரிசைப்படுத்தாது, அட்டவணையில் இருப்பதைத்தான் வரையும். அதனால் Data மெனுவில் பெரியதிலிருந்து சிறியதாக Sort செய்யுங்கள். B பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்தால் "Expand the selection" என்று கேட்கும், அதற்குச் சரி சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் எண்கள் மட்டும் நகர்ந்து பெயர்கள் அங்கேயே நிற்கும், நெசவில் குறையை முதலில் டைப் செய்திருந்தால் அது 78 ஆகிவிடும், சார்ட்டைப் பார்த்து யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, 'மற்றவை' எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசியில்தான் நிற்க வேண்டும். அது ஒரு காரணம் இல்லை, உதிரிகளைப் போட்ட மூட்டை. அதனால் 2 முதல் 7 வரையுள்ள வரிகளை மட்டும் Sort செய்து அதை எட்டாவது வரியிலேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம் C2-வில் குவிவு சதவீதம், அதாவது மேலிருந்து அந்த வரி வரை கூட்டினால் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பது:

```
=SUM(B$2:B2)/SUM(B$2:B$8)
```

இதைக் கீழே இழுத்து % வடிவத்துக்கு மாற்றினால் 39, 65, 78, 86, 91, 94, 100 என்று வரும். கடைசி எண் 100 ஆகவில்லை என்றால் எங்கோ ஒரு $ விட்டுப்போயிருக்கிறது.

இப்போது மூன்று பத்திகளையும் தேர்ந்தெடுத்து சார்ட் போடுங்கள், அதில் ரைட் கிளிக் செய்து Change Chart Type, அதற்குள் Combo. எண்ணிக்கைக்கு Clustered Column, சதவீதத்துக்கு Line, பக்கத்தில் Secondary Axis டிக். கோடு எழுந்து நிற்கும்.

பெரும்பாலானவர்கள் இதோடு விட்டுவிடுகிறார்கள். எக்ஸெல் வலது அச்சைத் தானாக 120% வரை கொண்டுபோய்விடும், இடது அச்சு 90-லேயே நின்றுவிடும், இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. Format Axis போய் வலதில் Maximum 1.0, இடதில் 200, அதாவது மொத்தப் புகார் எண்ணிக்கை, இரண்டிலும் Minimum 0 என்று நீங்களே கொடுங்கள். சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள கோட்டின் முதல் புள்ளியைப் பாருங்கள்: அது முதல் பாரின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் 200-க்கு 78-ம் 39%-ம் ஒரே உயரம். பார்கள் குட்டையாகிவிட்டதே என்று தோன்றும். மொத்தத்தில் அவற்றின் பங்கு அவ்வளவுதான்.

எக்ஸெல் 2016 முதல் Pareto என்றே ஒரு ரெடிமேட் சார்ட் இருக்கிறது, தானே வரிசைப்படுத்தும், கோடும் போடும். ஆனால் 'மற்றவை'யையும் சேர்த்து வரிசைப்படுத்திவிடும், இந்தக் கணக்கில் அது பிளவுஸ் துணிக்கு முன்னால் வந்து நிற்கும். அதனால் நான் கையாலேயே போடுகிறேன்.

20% காரணங்களால்தான் 80% புகார் வரும் என்ற 80-20 பேச்சை நம்பி, கோட்டில் 80% எங்கே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பரேட்டோ இத்தாலியப் பொருளாதார அறிஞர், அவர் பார்த்தது சொத்து யார் கையில் இருக்கிறது என்பதை. தரக்கட்டுப்பாட்டுக்கு அவர் பெயரைக் கொண்டுவந்தவர் ஜோசப் ஜூரன் என்ற தர நிபுணர். உங்கள் புகார்கள் 80-20 ஆகத்தான் பிரியும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கோடு எங்கே வளைந்து படுக்க ஆரம்பிக்கிறது என்று பாருங்கள், இங்கே மூன்றாவது பாருக்குப் பிறகு. பார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்தால், காரணங்களைப் பிரித்த விதம் உதவவில்லை. கூரியர்வாரியாகவோ ஊர்வாரியாகவோ ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தாமதத்தை 'நாம் அனுப்பியதே லேட்', 'கூரியர் லேட்' என்று இரண்டாக உடைத்து அவை 40, 38 என்று வந்தால் நிறம் முதலிடத்துக்கு ஏறிவிடும். ஆகவே எதை எந்தப் பெயரில் எண்ணுவது என்று எண்ணுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒரே ஆள் ரீஃபண்டுக்காக நான்கு தடவை போன் செய்திருந்தால் அது நான்கு புகாரா ஒன்றா என்பதும் இதில் அடக்கம். நான் ஆர்டர் எண்ணை வைத்து ஒன்றாகத்தான் எண்ணுவேன்.