உப்புக் கரித்த சாம்பாரும் உருளைக்கிழங்கும்

அன்புள்ள ஐயா,

சாம்பாரில் கல்லுப்பு போட்டதை மறந்து இன்னொரு கரண்டி போட்டுவிட்டேன். மாமியார் சொன்னபடி இரண்டு உருளைக்கிழங்கை முழுதாகப் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டு எடுத்தும் உப்பு குறையவில்லை. தயிர் விட்டால் சரியாகுமா? உண்மையில் எது உதவும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தேடி உறிஞ்சுவதில்லை. சாம்பாரில் இருக்கும் உப்பு கிழங்குக்குள் மெல்ல இறங்கி, இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு கரிப்பு வந்ததும் நின்றுவிடும். ஒரு லிட்டர் சாம்பாருக்கு இரண்டு தேக்கரண்டி போதுமான இடத்தில் மூன்று விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 200 கிராம் கிழங்கை நறுக்கிப் போட்டு, உப்பு அதன் நடுப்பகுதி வரை சென்றால்கூட, லிட்டருக்கு இரண்டரைத் தேக்கரண்டி என்ற அளவுக்குத்தான் கரிப்பு இறங்கும். முழுக் கிழங்கில் அதுவும் நடக்காது. தவிர, அரைமணி நேரம் கொதித்ததில் நீர் வற்றியிருக்கும் என்பதால், கிழங்கு குறைத்ததை ஆவி திரும்பக் கூட்டியிருக்கும்.

தயிரும் அளவைக் கூட்டுவதால்தான் உதவுகிறது. லிட்டருக்கு நூறு மில்லி விட்டால் பதினொன்றில் ஒரு பங்குதான் குறையும். கொதிக்கும் புளிக் குழம்பில் அது திரிந்தும் போகும். மோர்க்குழம்பிலோ குருமாவிலோ, அடுப்பைத் தணித்து, கடைந்த தயிராகச் சேர்த்தால் பொருந்தும். வெல்லம் கரிப்பை நாக்கிலிருந்து மறைக்குமே தவிர உப்பை எடுக்காது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதை மறக்கக்கூடாது.

உங்கள் சாம்பாருக்கு வேண்டியது உப்பில்லாத சாம்பார்தான். மொத்தத்தையும் சரிசெய்ய அரை லிட்டர் தேவைப்படும். அவ்வளவு செலவாகாது என்றால் பாதியை எடுத்து வைத்துவிட்டு, மீதி அரை லிட்டருக்குக் கால் லிட்டர் மட்டும் செய்யுங்கள். இரண்டு மேசைக்கரண்டி துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, கோலிக்குண்டு அளவு புளியைக் கரைத்து அரைத் தேக்கரண்டி சாம்பார்ப்பொடியுடன் தனியாகப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, பருப்பைச் சேர்த்துக் கால் லிட்டருக்கு விளாவி, அதன்பிறகு பழைய சாம்பாரில் ஊற்றுங்கள். வெறும் வெந்நீர் விட்டாலும் கரிப்பு குறையும், ஆனால் புளிப்பும் காரமும் சேர்ந்தே குறைந்துவிடும்.

ஊற்றியதும் ருசி பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் உள்ளே வாங்கிய உப்பு வெளியே வரக் கால்மணி நேரமாவது ஆகும். பிறகு ஒரு கவளம் சோற்றில் பிசைந்து பாருங்கள். சோற்றில் உப்பில்லாததால், கரண்டியில் சற்றுத் தூக்கலாகத் தெரியும் சாம்பார் இலையில் சரியாகவே இருக்கும். எடுத்து வைத்த பாதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் குழம்பில் உப்புக்குப் பதிலாகச் சேர்த்துவிடலாம்.

கல்லுப்பில் இந்தத் தவறு அடிக்கடி நேர்வதற்குக் காரணம், அது கரையுமுன் ருசி பார்த்துவிட்டு, போதவில்லை என்று மறுபடி போடுவதுதான். எங்கள் வீட்டில் அதை நீரில் கரைத்து வடிகட்டித்தான் ஊற்றுகிறோம்.