ஆறில் ஒரு பங்கு என்றால் எந்த வீடு?

கேள்வி: நான் ஹட்டனில் ஆசிரியை. கண்டியில் சரிவான காணியில் கட்டிய ஆறு வீட்டு மாடிக் கட்டடத்தில் ஒன்றை வாங்கப் பேசியிருக்கிறோம். காணி 18 பேர்ச்சஸ். "ஆறில் ஒரு பங்கு காணியும் உங்கள் பெயருக்கே உறுதி எழுதித் தருவேன்" என்கிறார் விற்பவர். நல்ல விஷயம்தானே, ஐயா?

பதில்: மூன்று பேர்ச்சஸ் காணி கையில் வருகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், டீச்சர். எந்த வகை உறுதி என்பதை முதலில் பாருங்கள்.

உறுதியின் அட்டவணையை வாசியுங்கள். "இக்காணியில் பிரிக்கப்படாத ஆறில் ஒரு பங்கு" என்று மட்டும் இருந்தால், நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல. ஆறு வீடுகளிலும் படிக்கட்டிலும் கூரையிலும் உங்களுக்கு ஆறில் ஒரு பங்கு. உங்கள் சமையலறையிலும் மற்ற ஐவருக்கும் பங்கு உண்டு! நாளைக்கு அவர்களில் ஒருவர் பங்கு பிரிக்கச் சொல்லி வழக்குப் போடலாம். மாடிக் கட்டடத்தை அறுத்துப் பிரிக்க முடியாது என்பதால், அது ஏலத்தில் போய் முடியலாம். இப்படிப்பட்ட உறுதிக்கு வங்கிகளும் கடன் தரத் தயங்கும்.

மாடி வீட்டுக்கென்றே 1973இல் வந்த 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி நில அளவையாளர் வரைந்த கொண்டோமினியம் பிளானைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதிந்த பிறகு உங்கள் வீடு தனி இலக்கத்தோடு உங்களுக்கே சொந்தமாகிவிடும். நிலம், படிக்கட்டு, கூரை, வெளிச்சுவர் எல்லாம் பொது. அதில் உங்கள் பங்கு, பிளானில் ஒவ்வொரு வீட்டுக்கும் போட்டிருக்கும் பங்குப் பெறுமதியைப் பொறுத்தது. அது வீட்டோடு போகும்; தனியாக விற்க முடியாது.

அந்தப் பெறுமதி எல்லா வீட்டுக்கும் சமமாக இருக்க வேண்டும் என்றில்லை. மொத்தம் 100இல் உங்கள் வீட்டுக்கு 12 என்று வையுங்கள். 18 பேர்ச்சஸில் அது இரண்டு பேர்ச்சஸும் கொஞ்சமும்தான். ஆனால் செலவும் அதே கணக்கில் வரும். மலைச்சரிவில் பயப்பட வேண்டியது பின்பக்கத் தாங்குசுவருக்கு. அது பொதுச் சொத்தாக இருந்து, மழையில் சரிந்து, திருத்த 15 லட்சம் ஆனால் உங்கள் பங்கு 1 லட்சத்து 80 ஆயிரம். கீழ்வீட்டுக்காரர் மட்டும் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட முடியாது.

அப்புறம் வாகனம் நிறுத்தும் இடம். விற்பவர் "இது உங்களுக்கு" என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுவார். பிளானில் அது உங்கள் வீட்டுக்குரிய துணைப்பகுதியாக இல்லாவிட்டால் அது பொது இடம்தான். மொட்டைமாடியும் அப்படியே. இன்னொரு மாடி கட்டும் எண்ணம் அவருக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பதிந்த பிளானின் இலக்கத்தைக் கேட்டு, உங்கள் சட்டத்தரணியைக் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். "பிளானைப் பிறகு எடுப்போம்" என்றால் முற்பணம் கொடுக்காதீர்கள். ஆறு பேருக்கும் பங்கை எழுதிக்கொடுத்த பிறகு, பிளானுக்கு ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டி வரும். அதில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் போதும், வேலை நின்றுவிடும்.