மூன்று ஆண்டில் மறைந்துவிடும் என்றார்கள்

கேள்வி: வயது 38. இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரி கோடு இழுக்க இன்றுவரை எனக்கு வரவில்லை. ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். பெங்களூரு இந்திராநகரில் நிரந்தர ஐலைனர் குத்த 14,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்துகொள்ளலாமா?
— ஓர் ஆசிரியை, மல்லேசுவரம்

பதில்: செய்துகொள்ளலாம். ஆனால் எந்தக் கோடு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடையில் மூன்று விதம் காட்டுவார்கள். இமைமயிர்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாக நிறமி வைப்பது ஒன்று. மயிர்க்காலுக்கு மேலே தடித்த கோடு போடுவது இன்னொன்று. கண்ணின் வெளிமூலையைத் தாண்டி வால் நீட்டுவது மூன்றாவது. முதலாவதை மட்டும் வாங்குங்கள். புள்ளிகள் மயிருக்குள் ஒளிந்துகொள்வதால் இம்மி ஏறி இறங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தால் இமைமயிர் அடர்த்தியாக இருப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான். கோடு வராதவர்களுக்கு வேண்டியதும் அதுதானே.

இமைத்தோல் உடம்பிலேயே மெல்லியது, சுமார் அரை மில்லிமீட்டர். அதன் மேலடுக்குக்கு அடியில் ஊசி கொஞ்சமே இறங்க வேண்டும். அதிகமாக இறங்கினால் நிறமி கீழே உள்ள தளர்ந்த திசுவில் கசிந்து பரவும். கோடு போட வராதது உங்கள் கைக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்காதீர்கள். குத்துகிறவரின் கையையும் பாருங்கள். ஆறு வாரம் ஆன பிறகு எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். குத்திய அன்றைய படத்தில் எல்லாமே கரும்பட்டாகத்தான் இருக்கும்.

நானும் உங்கள் கூட்டம்தான். முத்திரை போல அழுத்தினால் வால் விழும் என்று ஒரு பொருளை கமர்ஷியல் தெருவில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். வலக்கண்ணில் சரியாக விழுந்தது. இடக்கண்ணில் மீசை முளைத்தது. அது இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

கேள்வி: வெள்ளிக்கிழமை குத்திக்கொண்டால் ஞாயிறு தங்கையின் கல்யாணத்துக்குப் போகலாமா?
— அல்சூர் வாசகி

பதில்: போகலாம். மாப்பிள்ளை வீட்டார் உங்களை அழுது வீங்கிய அத்தை என்று நினைத்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலையில்தான் வீக்கம் உச்சத்தில் இருக்கும். அது இரண்டு மூன்று நாளில் வடியும். நான்காம் நாளிலிருந்து மெல்லிய பொருக்கு உதிரத் தொடங்கும். அதைப் பிய்த்தால் நிறமியும் கூடவே வந்துவிடும். உதிர்ந்ததும் கோடு வெளிறித் தெரியும். ஏமாந்துவிட்டோமோ என்று அப்போது பயப்பட வேண்டாம், நான்கு முதல் ஆறு வாரத்தில் உண்மையான நிறம் மேலே வரும். அதற்குப் பிறகுதான் விட்டுப்போன இடங்களை நிரப்ப வேண்டும். முதல் பத்து நாளைக்கு மையும் மஸ்காராவும் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் வீக்கம் முழுதும் வடியும்வரை கண்ணாடிதான் அணிய வேண்டும். ஒரு கண் மட்டும் வலித்தாலோ, சீழ் வந்தாலோ, வெளிச்சம் குத்தினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். குத்தியவரிடம் போய் யோசனை கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: நேரம் மிச்சமாகும் என்று, மரத்துப்போகும் கிரீமை வீட்டிலேயே இமையில் பூசிக்கொண்டு ஆட்டோவில் வரச் சொல்கிறார்கள். சரிதானா?

பதில்: முன்பணம் போனாலும் போகட்டும், அந்த இடத்துக்குப் போகாதீர்கள். மருந்துக்கடையில் பரவலாகக் கிடைக்கும் லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த கிரீம் காரத்தன்மை உள்ளது. கண்ணுக்குள் ஒழுகினால் கருவிழியைப் புண்ணாக்கும். மரத்துப்போயிருப்பதால் எரிவதும் உடனே தெரியாது. சில்க் போர்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் நிற்கும்போது கண்ணைக் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவீர்கள்?

கேள்வி: திருமணத்துக்காக வால் வைத்து ஐலைனர் குத்திக்கொண்டேன். 18,000 ரூபாய். மூன்றாம் நாளே இடக்கண் மூலையில் நீலச் சாம்பல் நிழல் படர்ந்தது. ரத்தக்கட்டு, போய்விடும் என்றார்கள். ஐந்து வாரம் ஆகியும் அப்படியே இருக்கிறது. இப்போது மேலே தோல் நிறத்தைக் குத்தி மறைத்துத் தருகிறோம், இலவசம் என்கிறார்கள். அழுதுகொண்டே எழுதுகிறேன்.
— சிவாஜிநகர்

பதில்: தோல் நிறம் வேண்டவே வேண்டாம், அம்மா. மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் அவர்களுக்கு மறுப்பு எழுதி அனுப்புங்கள்.

ரத்தக்கட்டு என்றால் நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும், பத்துப் பதினைந்து நாளில் மறையும். உங்கள் நிழல் ஐந்து வாரமாக நிறம் மாறவில்லை. அப்படியானால் அது பரவிய நிறமி. கண்ணின் வெளிமூலையில் தோல் இன்னும் தளர்வானது, வால் போடப் போய் கசிவது அங்கேதான். கறுப்பு ஆழத்தில் இருந்தால் தோலின் வழியே நீலமாகத் தெரியும். ஆக ஊசி ஆழமாக இறங்கியிருக்கிறது. நீங்கள் பராமரிப்பில் எதையும் தவறவிடவில்லை, அப்படிச் சொல்லி உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

தோல் நிற நிறமியில் பெரும்பாலும் டைட்டானியம் டைஆக்சைடு இருக்கும். அதன்மேல் லேசர் பட்டால் அது கறுத்துப்போகக்கூடும். இன்று இலவசமாக மறைத்துக்கொண்டால், நாளை லேசரில் எடுக்கவும் வழி சிக்கலாகிவிடும். உப்புக் கரைசல் குத்தி எடுக்கிறோம் என்று ஒருவர் வருவார், கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் அதுவும் வேண்டாம்.

அந்தக் கடையிடம் நிறமிப் புட்டியின் பெயரையும் தொகுதி எண்ணையும் படமாக வாங்குங்கள். கரிநிறமியா, இரும்பு ஆக்சைடா என்று தெரிந்தால் மருத்துவருக்கு உதவும், இரும்பு ஆக்சைடும் லேசரில் கறுக்கக்கூடியது. தோல் மருத்துவர் அல்லது இமை அறுவை செய்யும் கண் மருத்துவரைப் பாருங்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, இமைக்கு அடியில் உலோகக் கவசம் செருகி, முதலில் ஓரிடத்தில் மட்டும் லேசர் போட்டுப் பார்ப்பார்கள். வெளியே கண்ணாடி மாட்டிவிட்டுப் போடுகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரே தடவையில் தீராது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பல வாரம் இடைவெளி விடுவார்கள். கொஞ்சம் இமைமயிர் உதிரலாம்.

இனி பணம். தேதி தெரியும் படங்கள், யுபிஐ ரசீது, 'ரத்தக்கட்டு' என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, மருத்துவர் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து வையுங்கள். பணத்தையும் லேசர் செலவையும் கேட்டு, 15 நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்தின் ஆணையத்திலேயே தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அதைக் காட்டி மிரட்டுவார்கள். வீக்கம் வரும் என்பதற்குச் சம்மதித்தீர்கள், ஊசியை ஆழமாக இறக்குவதற்கு அல்ல.

கேள்வி: மூன்று ஆண்டில் தானே மறைந்துவிடும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. அப்படியானால் தைரியமாகச் செய்யலாம் அல்லவா? பிடிக்காவிட்டால் காத்திருந்தால் போதுமே.

பதில்: இந்த வாக்கியத்தைப் படித்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 'அரை நிரந்தரம்' என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அரைப் பிரசவம் என்று ஒன்று உண்டா?

என் பாட்டியின் முழங்கையில் ஒரு கோலம் இருந்தது. பன்னிரண்டு வயதில் வாசலுக்கு வந்த குறத்தி குத்தியது. விளக்குக் கரியைச் சாற்றில் குழைத்து ஊசியால் குத்தினாளாம். எண்பது வயதில் பாட்டி இறந்தபோதும் அது அங்கேயே இருந்தது, கறுப்பு மட்டும் பச்சையாகியிருந்தது. பச்சை குத்துவது என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்! இன்றைய ஐலைனர் புட்டிகள் பலவற்றில் இருப்பதும் அதே கரிதான். பன்னாட்டுப் பெயரும் பளபளக்கும் பெட்டியும்தான் புதிது.

வெளிறும், மறுக்கவில்லை. நிறமித் துகளை உடம்பின் காவல் அணுக்கள் விழுங்கும், சிறிதைச் சுமந்தும் செல்லும். வெயிலும் வெளுக்க வைக்கும். கோட்டின் கூர்மை இரண்டு மூன்று ஆண்டில் போகலாம், சிலருக்கு ஐந்துக்கு மேலும் நிற்கும். ஆனால் வெளிறுவது வேறு, அழிவது வேறு. மிஞ்சுவது சாம்பலோ நீலமோ ஆன ஒரு மங்கல். அதன்மேல் இன்னொரு முறை குத்துவார்கள், அதுவும் மங்கும், கோடு ஆண்டுக்கு ஆண்டு தடிக்கும்.

சொல்ல வெட்கம்தான், 2016-இல் நான் புருவத்துக்குக் குத்திக்கொண்டேன். இரண்டே ஆண்டில் போய்விடும் என்று அந்தப் பெண் சத்தியம் செய்தாள். கறுப்புத்தான் போனது. இரும்பு ஆக்சைடின் சிவப்பு நின்றுவிட்டது. செங்கல் நிறத்தில் இரண்டு புருவத்தோடு நான்கு ஆண்டு நடமாடினேன். மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மா, "மருதாணியா?" என்று கேட்டார்.

ஆகவே காத்திருந்தால் போதும் என்ற கணக்கில் செய்வதானால், செய்யாதீர்கள். அறுபது வயதில் இமை தொங்கும்போதும் இருக்கட்டும் என்ற கோட்டை மட்டும் குத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கண்ணுக்கு உள்விளிம்பில்தான் மை இடுவேன். அங்கேயே குத்த முடியுமா?

பதில்: முடியும் என்பார்கள். கூடாது. அந்த விளிம்பில் கண்ணீர் உலராமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. அவை கெட்டால் கண் காய்ந்து உறுத்தும், மை இட்ட அழகை ரசிக்கக்கூடத் தோன்றாது.

கேள்வி: இணையத்தில் 1,199 ரூபாய்க்கு இயந்திரம், ஊசி, நிறமி எல்லாம் சேர்த்து வருகிறது. தங்கைக்கு நானே செய்துவிடலாம் என்று வாங்கிவிட்டேன்.
— எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று இன்றே பாருங்கள். கெடு முடிந்துவிட்டால் வாழைப்பழத் தோலில் குத்திப் பழகுங்கள். தங்கையின் இமைக்கு மட்டும் அருகில் போகாதீர்கள்.