ஒரு லட்சம் ஏலச்சீட்டு: உண்மையில் என்ன வட்டி?

1 லட்சம் சீட்டு, 20 பேர், 20 மாதம், கமிஷன் 5,000. முதல் ஐந்து மாதம் 3,750, அடுத்த ஐந்து 4,250, அப்புறம் ஐந்து 4,500, பிறகு நான்கு 4,750, கடைசியில் 5,000 கட்டினேன். மொத்தம் 86,500. கடைசி ஆளாக 95,000 வாங்கினேன். வருடத்துக்கு 6 சதவீதம்கூட இல்லையே? பேங்க் ஆர்டியே மேல்.

அவசரப்படாதீர்கள். 86,500 மொத்தமும் 20 மாதம் உள்ளே கிடக்கவில்லை. 19ஆம் மாதத் தவணை ஒரு மாதம்தான் இருந்தது. எக்செலில் மாதத்துக்கு ஒரு வரிசை போட்டு, கட்டியதை B நெடுவரிசையில் மைனஸாக எழுதுங்கள். கடைசி வரிசையில் 95,000 கழித்தல் 5,000, அதாவது 90,000.

```
=IRR(B1:B20)
=(1+IRR(B1:B20))^12-1
```

முதல் வரி மாதம் 1.03 சதவீதம் காட்டும், இரண்டாவது வருடம் சுமார் 13. நல்ல வருமானம்தான். ஆனால் சீட்டு நடுவில் உடைந்தால் என்ன ஆகும் என்பது இந்தக் கணக்கில் இல்லை.

அதே சீட்டில் முதல் மாதமே 30,000 தள்ளி எடுத்தவன் நான். 30 சதவீத வட்டிதானே?

விடை பொருந்துகிறது, வழி தப்பு. 70,000 வாங்கி அன்றே 3,750 கட்டியதால் கையில் நின்றது 66,250. பிறகு 19 மாதத்தில் கட்டியது 82,750. மாதம் 2.2 சதவீதம், கூட்டு வட்டியில் வருடம் 30 அளவில் வருகிறது. இதே 30 சதவீதத் தள்ளு 10 மாதச் சீட்டில் என்றால் வட்டி இன்னும் எகிறும்.

அதே சீட்டில் நான் 10ஆம் மாதம் 20,000 தள்ளி எடுத்தேன், முதல் மாதம் எடுத்தவரைவிடக் குறைவு. ஆனால் எக்செல் #NUM! என்கிறது. எங்கே தப்பு?

தப்பு உங்களிடம் இல்லை. ஒன்பது மாதம் போட்டீர்கள், 75,750 நிகரமாக வாங்கினீர்கள், பிறகு பத்து மாதம் கட்டினீர்கள். பாதி சேமிப்பு, பாதி கடன். இந்தக் கணக்குக்கு எந்த வட்டி வீதமும் பொருந்தாது, அதனால்தான் விடை வரவில்லை. இரண்டாக உடையுங்கள். முதல் ஒன்பது தவணைகளை வேறெங்காவது மாதம் 0.6 சதவீதத்தில் போட்டிருந்தால் 36,809 ஆகியிருக்கும். அதை 75,750இல் கழித்தால் நீங்கள் உண்மையில் வாங்கிய கடன் 38,941. அதற்குத் திருப்பிக் கட்டியது 46,500. மாதம் சுமார் 3.3 சதவீதம்! தள்ளு குறைவுதான், ஆனால் கிடைத்த தொகையில் பாதி உங்கள் சொந்தப் பணம். முதலில் எடுத்தவரைவிட உங்களுக்குத்தான் கடன் விலை அதிகம்.

அந்த 0.6 யார் சொன்னது? என் பணம் நகைக்கடன் அடைக்கப் போயிருக்கும்.

அப்படியானால் உங்கள் நகைக்கடன் வட்டியைப் போடுங்கள், விடை மாறும். எது சரி என்று வெளியாள் சொல்ல முடியாது.

ஜாமீன் காகிதம் கேட்டு ஒரு மாதம் இழுத்தார்கள். அதுவும் கணக்கில் வருமா?

வரும். பணம் கைக்கு வந்த மாதத்தில்தான் எழுத வேண்டும். மேலே கடைசியில் எடுத்தவருக்கு 95,000 ஒரு மாதம் தள்ளி, 21ஆம் வரிசையில் வந்திருந்தால், மாதம் 1.03 என்பது 0.93 ஆகிவிடும்.