ஆய்வகத்திற்கு எழுதும் விண்ணப்பக் கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

நான் உளவியல் சிறப்புக் கற்கையின் இறுதியாண்டு மாணவி. எனது ஊர் புதுக்குடியிருப்புப் பிரதேசத்தில் உள்ளது. ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வகம் ஆய்வு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறது. வன்னியிலுள்ள தாய்மாரின் மன அழுத்தம் பற்றிய ஆய்வு அது. தமிழில் நேர்காணல் செய்வது, வினாக்கொத்துகளைப் பதிவது, தரவைச் சீர்செய்வது ஆகியன வேலைகள். நான் எழுதிய விண்ணப்பக் கடிதத்தின் வரைவை, விளம்பரத்துடனும் எனது ஆய்வேட்டுடனும் இணைத்துள்ளேன். வரைவின் முதற்பந்தி முழுவதும் 2009இல் எட்டு வயதில் நான் பட்ட துயரங்களைப் பற்றியது. அது இருக்க வேண்டும் என்று அண்ணா சொல்கிறார், வேண்டாம் என்று என் தோழி சொல்கிறாள். ஆய்வேட்டில் உயர்தர மாணவரின் மன அழுத்தத்தையும் நித்திரை நேரத்தையும் ஆராய்ந்தேன். முதலில் வினாக்கொத்தின் நான்கு கூற்றுகளைத் தலைகீழாகப் புள்ளியிட மறந்ததால், கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் குரோன்பாக் அல்பா 0.41 என்று வந்தது, திருத்திய பின் 0.76 ஆனது. வெட்கமாக இருந்ததால் அதை எழுதவில்லை. என்ன செய்யலாம்?

மாணவி, புதுக்குடியிருப்பு

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் வரைவை இரண்டு முறை வாசித்தேன். எழுதாமல் விட்ட செய்திதான் அந்த ஆய்வகம் உங்களைப் பற்றி அறிய விரும்பும் முதற்செய்தி என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் பயன்படுத்தியது பத்துக் கூற்றுகள் கொண்ட 'உணரப்பட்ட மன அழுத்த அளவுகோல்'. ஷெல்டன் கோஹனும் அவருடைய சகாக்களும் 1983இல் வெளியிட்ட அளவுகோலின் சுருங்கிய வடிவம் அது. கடந்த ஒரு மாதத்தில் எவ்வளவு அடிக்கடி இப்படி உணர்ந்தீர்கள் என்று ஒவ்வொரு கூற்றும் கேட்கும்; விடைகள் 0 முதல் 4 வரை புள்ளி பெறும். ஆறு கூற்றுகள் அழுத்தத்தை நேரடியாகக் கேட்கின்றன. 4, 5, 7, 8 ஆகிய நான்கும் மறுபக்கத்திலிருந்து, அதாவது சொந்தப் பிரச்சினைகளைக் கையாள முடியும் என்ற நம்பிக்கை இருந்ததா, காரியங்கள் நினைத்தபடி நடந்தனவா என்ற வகையில் கேட்கின்றன. எனவே இந்த நான்கிற்கும் மட்டும் விடையை 4இலிருந்து கழித்த பின்னரே கூட்ட வேண்டும்.

கழிக்காமல் விட்டால் நேர்வதை இரண்டு மாணவரை வைத்துப் பாருங்கள். அழுத்தமே இல்லாத ஒருவர் ஆறு கூற்றுகளுக்கு 0உம் மற்ற நான்கிற்கு 4உம் இடுவார். அவருக்குக் கிடைக்க வேண்டிய மொத்தம் 0, கிடைப்பதோ 16. அழுத்தத்தின் உச்சியில் இருப்பவர் ஆறு கூற்றுகளுக்கு 4உம் நான்கிற்கு 0உம் இடுவார். அவருக்குக் கிடைக்க வேண்டியது 40, கிடைப்பது 24. நாற்பது புள்ளி இடைவெளியில் நிற்க வேண்டிய இருவர் எட்டுப் புள்ளி இடைவெளியில் வந்து நிற்பார்கள். அந்தத் தரவை வைத்து நித்திரைக்கும் அழுத்தத்திற்கும் தொடர்பு தேடினால், உண்மையில் இருக்கின்ற தொடர்பும் மங்கித்தான் தெரியும். இத்தனைக்கும் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. அட்டவணை ஒழுங்காக அச்சாகி, வாய்மொழித் தேர்வு வரை போய்விடும்.

நீங்கள் அதைக் கண்டுபிடித்தீர்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தில் எழுதவில்லை. அல்பா குறைவாக இருந்ததைக் கண்டதும், மொத்தப் புள்ளியுடன் ஒவ்வொரு கூற்றுக்கும் உள்ள ஒட்டுறவைத் தனித்தனியே பார்த்திருக்கிறீர்கள். அந்த நான்கு கூற்றுகளில் மட்டும் அது எதிர்க்குறியுடன் வந்திருக்கிறது. அதன் பிறகு மூல வினாக்கொத்துகளை எடுத்துச் சரிபார்த்து, திருத்திய விடைகளைப் பழைய நிரலின் மேல் எழுதாமல் புதிய நிரல்களில் சேமித்திருக்கிறீர்கள். இந்தக் கடைசிச் செயல் மிக முக்கியமானது. பழைய நிரலிலேயே மாற்றியிருந்தால், அதே கட்டளையைத் தவறுதலாக இன்னொருமுறை இயக்கும்போது விடைகள் மீண்டும் பழைய நிலைக்கே திரும்பிவிடும், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். பேராசிரியர் ஒருவர் தம் ஆய்வின் தரவை அடுத்தவர் கையில் ஒப்படைக்கும்போது அஞ்சுவது இத்தகைய ஓசையற்ற பிழைகளுக்குத்தான். ஆகவே உங்கள் வரைவில் 'தரவுப் பகுப்பாய்வில் சிறந்த தேர்ச்சி உடையவள்' என்றுள்ள வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை எழுதுங்கள்:

"எனது ஆய்வேட்டிற்காக முல்லைத்தீவு மாவட்டத்தின் இரண்டு பாடசாலைகளில் உயர்தர மாணவரிடம் பத்துக் கூற்று உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலைத் தமிழில் பயன்படுத்தினேன். முதற்பகுப்பாய்வில் குரோன்பாக் அல்பா 0.41 ஆக இருந்ததால் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே பரிசோதித்து, 4, 5, 7, 8 ஆகிய கூற்றுகள் தலைகீழாகப் புள்ளியிடப்படாததைக் கண்டறிந்தேன். மூலத் தரவை மாற்றாமல் புதிய மாறிகளில் திருத்தம் செய்த பின் அல்பா 0.76 ஆனது. ஒவ்வொரு படியையும் கட்டளைக் கோப்பில் பதிந்து வைத்துள்ளேன்."

இதில் தன்னைப் புகழும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வாசிப்பவர் உங்கள் திறனைத் தாமே கண்டுகொள்வார். நேர்காணலில் அவர் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்பார், அதற்கும் ஆயத்தமாக இருங்கள்: திருத்திய பின்னும் அல்பா ஏன் 0.9ஐ எட்டவில்லை? இந்த அளவுகோலில் நேரடியாகக் கேட்கும் ஆறு கூற்றுகளும் மறுபக்கத்திலிருந்து கேட்கும் நான்கும் இரண்டு தனித்தனிக் காரணிகளாகப் பிரிவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழுத்தம் இருப்பதும் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லாதிருப்பதும் நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. உங்கள் தரவில் இரு தொகுதிகளின் அல்பாவையும் தனித்தனியே கணித்துப் பாருங்கள். எந்தக் கூற்றாவது திருத்திய பின்னும் மொத்தத்துடன் ஒட்டாமல் நின்றால், தமிழ் வாக்கியத்தை மாணவர் வேறுவிதமாக விளங்கிக்கொண்டார்களோ என்று சந்தேகிக்க இடமுண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி முதற்பந்திக்கு வருகிறேன். உங்கள் அண்ணா சொல்வதன் நியாயம் எனக்கு விளங்குகிறது. எட்டு வயதுப் பிள்ளை கண்டவை சிறியவை அல்ல, அவற்றைச் சொல்லவோ சொல்லாமல் விடவோ உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனாலும் இந்தக் கடிதத்தில் அந்தப் பந்தியை எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். முன்பின் அறியாத ஒருவர் அதை வாசித்துவிட்டு, அதை ஒரு தகுதியாக எண்ணுவதா, அனுதாபத்துடன் கடந்து செல்வதா என்று தெரியாமல் தடுமாறுவார். தாய்மார் தம் இழப்புகளைச் சொல்லும் நேர்காணலில் உங்கள் நினைவுகளும் கிளர்ந்தெழுமே, அப்போது உங்களைத் தாங்குவது யார் என்ற நேர்மையான கவலையும் அவருக்கு எழும். அந்தக் கவலைக்குப் பதில் சொல்ல நேர்காணல் மேசையே ஏற்ற இடம். மேற்பார்வையாளருடன் ஒழுங்காகப் பேசும் வழக்கம் அந்த ஆய்வகத்தில் உண்டா என்று அங்கே நீங்களும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ஊரையும் சேர்த்து விட்டுவிட வேண்டாம். புதுக்குடியிருப்பில் வளர்ந்தது இந்த வேலைக்கு நேரடியான தகுதி. ஆனால் வரைவில் 'எங்கள் ஊர்த் தாய்மார் பலரை என்னால் ஆய்வுக்கு அழைத்துவர முடியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்குக் கலக்கம் தந்தது. தெரிந்த வீட்டுப் பிள்ளை வந்து கேட்கும்போது ஒரு தாயால் மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. நேர்காணலில் அவர் தம் கணவரைப் பற்றியோ கடனைப் பற்றியோ சொன்னவற்றை அறிந்த ஒருத்தி நாளை அதே சங்கக் கடையில், அதே கோயில் திருவிழாவில் எதிரே நிற்பாள். இன்னொன்றும் உண்டு. யுத்தத்தின் பின் எங்கள் பகுதிகளில் படிவத்துடன் வருபவர் பெரும்பாலும் வீட்டுத்திட்டத்துடனோ வாழ்வாதார உதவியுடனோ வந்தவர். கிராம அலுவலர் ஊடாக ஆட்களைத் திரட்டினால் இதுவும் ஒரு பதிவு என்று எண்ணி, உதவி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் துன்பத்தைக் கூட்டிச் சொல்பவரும், உதவி நின்றுவிடும் என்ற பயத்தில் குறைத்துச் சொல்பவரும் இருப்பர். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் இதை அறிய நாள் எடுக்கும். நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்பதே உங்கள் ஊர் தரும் பலம். எனவே அந்த வரிக்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

"புதுக்குடியிருப்புப் பிரதேசத்தில் வளர்ந்தவள் என்பதால் இப்பகுதித் தாய்மாரின் பேச்சு வழக்கும் அன்றாடச் சூழலும் எனக்குப் பழக்கமானவை. எனக்கு அறிமுகமான குடும்பங்களை வேறொருவர் நேர்காண்பதே பொருத்தம் எனக் கருதுகிறேன். ஆய்வில் பங்குபற்றுவதற்கும் எந்த உதவித் திட்டத்திற்கும் தொடர்பில்லை என்பதைச் சம்மதம் பெறும்போது தெளிவாக விளக்குவதன் அவசியத்தையும் அறிவேன்."

சம்மதம் பற்றி எழுதும்போது, பதினெட்டு வயதிற்குக் குறைந்த மாணவருக்குப் பெற்றோரிடமும் மாணவரிடமும் தனித்தனியே நீங்கள் பெற்ற ஒப்புதலை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

மற்றவை சிறியவை. ஒரு பக்கத்திற்கு மேல் வேண்டாம். ஆய்வகத்தை நடத்துபவரின் பெயரையும் பதவியையும் சரியாக எழுதி அவருக்கே விளியுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் பாராட்டியிருக்கிறீர்கள். முழுவதும் வாசித்திருந்தால் அதிலிருந்து ஒரு கேள்வியை எழுதுங்கள், இல்லையெனில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். 'சிறு வயது முதல் உளவியலில் தீராத ஆர்வம்' என்பதும் வேண்டாம். இறுதிப் பெறுபேறு எப்போது எதிர்பார்க்கப்படுகிறது, எந்தத் திகதியிலிருந்து முழுநேரமாக வேலை செய்யலாம், களப்பணிக்காக மாவட்டங்களுக்கிடையே பயணம் செய்ய இயலுமா என்பனவற்றை மறைவின்றி எழுதுங்கள். முதலிரண்டும் உங்கள் வரைவில் இல்லை, விளம்பரம் அவற்றைத்தான் முதலில் கேட்கிறது. பரிந்துரையாளர்களாகக் குறிப்பிடும் விரிவுரையாளர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். உங்கள் ஆய்வேட்டை மேற்பார்வை செய்தவர் அவர்களுள் ஒருவராக இருக்கட்டும், அல்பா திருத்தத்தை நேரில் கண்டவர் அவர்தான்.

கட்டளைக் கோப்பை விண்ணப்பத்துடன் இணைக்கத் தேவையில்லை. கேட்டால் காட்டலாம் என்று ஒரு வரி போதும். ஆனால் காட்டும் நாளுக்கு முன் அதை ஒருமுறை திறந்து, பாடசாலையின் பெயரோ மாணவர் எவரின் பெயரோ குறிப்புகளில் தங்கியிருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள். திருத்திய கடிதத்தை அனுப்பினால் முடிவுத் திகதிக்கு முன் வாசித்துத் தருகிறேன்.