60% + 40% என்றால் இலவசமா?

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். தள்ளுபடி சதவீதத்தைக் கடை விளம்பரங்களை வைத்துச் சொல்லித்தர ஆசை. பேனா, தாள் இல்லாமல் பிள்ளைகள் சட்டென்று விலையைச் சொல்லும்படி ஏதாவது எளிய வழி உண்டா? எந்த மாதிரி விளம்பரங்களை எடுத்துக்கொள்வது?

பதில்: வழி உண்டு. ஆனால் அதற்கு முன் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். பாடப்புத்தக முறையில் முதலில் தள்ளுபடியைக் கண்டுபிடிக்கிறோம், அப்புறம் அதைக் குறித்த விலையிலிருந்து கழிக்கிறோம். மனக்கணக்கில் இந்தக் கழித்தலில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அதனால் "எவ்வளவு குறைகிறது?" என்று கேட்காமல், "எவ்வளவு கொடுக்கப் போகிறோம்?" என்றே கேட்டுப் பழக்குங்கள்.

எந்த விலையையும் பத்துச் சம பங்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பங்கு என்பது 10%. விலை 840 என்றால் ஒரு பங்கு 84. இப்போது 30% தள்ளுபடி என்றால் மூன்று பங்கு போய்விட்டது, ஏழு பங்கு நாம் கொடுக்க வேண்டும். ஏழு 84, அதாவது 588. கழித்தலே இல்லை. 35% தள்ளுபடி என்றால் ஆறரைப் பங்கு கொடுக்கிறோம்: ஆறு 84 என்றால் 504, அரைப் பங்கு 42, மொத்தம் 546.

5%, 10% போன்ற சிறிய தள்ளுபடிக்கு இந்த முறை தேவையில்லை. அங்கே பழையபடி கழிப்பதே சுலபம். ஒன்பதரைப் பங்கைப் பெருக்கிக்கொண்டிருப்பதை விட அரைப் பங்கைக் கழிப்பது எவ்வளவோ மேல்.

வகுப்பில் விளம்பரத்தைக் காட்டும்போது தள்ளுபடிக்குப் பிந்தைய விலையை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிடுங்கள். பழைய விலையும் சதவீதமும் மட்டும் தெரியட்டும். பிள்ளைகள் விடை சொன்ன பிறகு தாளை எடுங்கள். இதில் ஒரு லாபம் உண்டு: விளம்பரமே தப்பாக இருந்தால் அது வகுப்பில் அகப்பட்டுவிடும். ஒரு விளம்பரத்தில் பழைய விலை 1,200, "35% தள்ளுபடி", புதிய விலை 799 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு 120. ஆறரைப் பங்கு 780 வர வேண்டும். 799 கொடுத்தால் ஆறரைக்கு மேல் கொடுக்கிறோம், அப்படியானால் உண்மையான தள்ளுபடி 35-ஐ விடக் குறைவு. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 33%தான் வருகிறது. விளம்பரம் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அடுத்த கணக்குப் போடச் சொல்லித் தூண்ட வேண்டியதே இல்லை.

தவறான விடைகளையும் கவனித்துக் கேளுங்கள், ஒவ்வொன்றும் ஒரு குழப்பத்தைக் காட்டும். 840-க்கு 30% என்றதும் ஒருவர் 810 என்று சொன்னால், அவர் 30% என்பதை 30 என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். 252 என்று சொன்னால் தள்ளுபடியைக் கண்டுபிடித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். முதலாமவருக்குச் சதவீதத்தையே மறுபடி சொல்ல வேண்டும். இரண்டாமவரிடம் "இது விட்டதா, கொடுப்பதா?" என்று கேட்டால் போதும்.

விலை முழு எண்ணாகப் பிரியாவிட்டால்? 745 என்று இருந்தால் 750 ஆக்கிக்கொள்ளலாம். ஏழு பங்கு 525. சரியான விடை 521.50. இரண்டு பொருள்களை ஒப்பிட்டு எது மலிவு என்று பார்க்க இந்தத் துல்லியம் பெரும்பாலும் போதும், பில்லைச் சரிபார்க்கப் போதாது. இந்த வித்தியாசத்தை வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், தோராயமே போதும் என்று தேர்விலும் அப்படியே எழுதிவைப்பார்கள்.

இனி உங்கள் பாடத்துக்கு உயிரே இரட்டைத் தள்ளுபடி விளம்பரங்கள்தான். "50% + 20%" என்று போட்டிருப்பார்கள். பெரியவர்களே அதை 70% என்று படிக்கிறார்கள். பாடத்தை இதிலிருந்து தொடங்காமல், இன்னும் கொஞ்சம் மிகைப்படுத்தி, "60% + 40%" என்று நீங்களே ஒரு விளம்பரம் எழுதிக் கரும்பலகையில் ஒட்டுங்கள். கூட்டினால் 100%. அப்படியானால் கடைக்காரர் பொருளைச் சும்மாவா கொடுக்கிறார்? யாரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள் என்று பிள்ளைகளுக்கே தெரியும். ஆகவே கூட்டல் தப்பு என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் உண்மையான விளம்பரத்துக்கு வாருங்கள். விலை 1,200. முதல் தள்ளுபடி 50%, ஐந்து பங்கு கொடுக்க வேண்டும்: 600. இப்போது இந்த 600-தான் புதிய விலை. இதைத்தான் மறுபடி பத்தாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு 60, எட்டுப் பங்கு 480. பழைய 1,200-இல் ஒரு பங்கு 120 என்பதால் 480 என்பது நான்கு பங்கு. ஆக மொத்தத் தள்ளுபடி 60%. 70% என்று நினைத்தவர் 360 கொடுக்கத் தயாராகப் போய் 480 கொடுத்துவிட்டு வருகிறார்.

இதையே சுருக்கமாகப் போடலாம்: கொடுக்கும் பங்குகளைப் பெருக்கினால் நூறில் எத்தனை என்று கிடைத்துவிடும். ஐந்து எட்டு நாற்பது, அதாவது 40% கொடுக்கிறோம். 60% + 40% விளம்பரத்தில் நான்கு ஆறு இருபத்து நான்கு, 24% கொடுக்க வேண்டும். முதலில் 20%, பிறகு 50% என்று மாற்றிப் போட்டாலும் அதே விடைதான். எட்டு ஐந்தும் நாற்பதுதானே. வாதம் செய்யும் மாணவர் ஒருவராவது இதை நம்ப மாட்டார். அவரையே இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"50% வரை" என்ற விளம்பரங்களை இந்தப் பாடத்தில் தவிர்த்துவிடுவது நல்லது. "வரை" என்ற சொல் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். ஆனால் எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லாததால் அதில் போடுவதற்குக் கணக்கே இல்லை.

வீட்டுப்பாடத்துக்கு "2 வாங்கினால் 1 இலவசம்" கொடுங்கள். அதை 30% தள்ளுபடியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்று 400 என்றால் மூன்றுக்கு 800 கொடுக்கிறோம். 30% தள்ளுபடியில் அதே மூன்றுக்கு 840. இலவசம்தான் மலிவு. ஆனால் தேவை ஒன்றே ஒன்றுதான் என்றால் 30% கடையில் 280-இல் வேலை முடிந்துவிடும். விலை ஒன்றாக இல்லாமல் 400, 400, 250 என்று இருந்து, விலை குறைந்ததுதான் இலவசம் என்று நிபந்தனையும் இருந்தால் இன்னொரு திருப்பம்: மூன்றின் மொத்தம் 1,050, கொடுப்பது 800, தள்ளுபடி 24%-ஐக் கூடத் தொடவில்லை. 30% கடையில் 735-தான். மூன்று நிலைமைகளையும் ஒரே கேள்வியாகக் கொடுத்து, எந்தக் கடைக்குப் போவார்கள் என்று காரணத்தோடு எழுதச் சொல்லலாம்.