தைராய்டு மாத்திரையும் காலைக் காப்பியும்

அம்மா லெவோதைராக்சினைக் காலைக் காப்பியோடு விழுங்குகிறார், பரவாயில்லையா? ஒருநாள் மறந்தால் என்ன செய்வது?

காப்பியோடு வேண்டாம், மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அம்மா 7 மணிக்குக் காப்பிக்கடைக்குக் கிளம்புபவர் என்றால், 6 மணிக்கே வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கட்டும். அரை மணி நேரமாவது போக வேண்டும், ஒரு மணி நேரம் என்றால் நல்லது. அப்புறம் காப்பியும் பரோட்டாவும் அவர் பாடு. சோயா பாலை இன்னும் தள்ளி வைக்கலாம்.

பலர் கோட்டைவிடுவது கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளில்தான். பலதுறை மருந்தகத்தில் எல்லாம் ஒரே பையில் வரும், ஒரே வாயில் போய்விடும். 4 மணி நேர இடைவெளி விட்டு, மதியச் சாப்பாட்டோடு கொடுங்கள். இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் ஏறி, தேவையில்லாமல் மருந்தின் அளவைக் கூட்ட நேரும்.

மறந்தது அன்றே நினைவுக்கு வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் என்றால் அதை விட்டுவிட்டு வழக்கமான ஒன்றை மட்டும் போடட்டும், இரண்டாகச் சேர்க்கக் கூடாது.